5:41 பேஸ் என்றால் ட்ரெட்மில்லில் எவ்வளவு? அரை மாரத்தானை 2 மணிக்குள் முடிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கையில் கட்டிய வாட்ச் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பேஸைக் காட்டும். இணையத்தில் இறக்கிய பயிற்சி அட்டவணை மைலுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். ஜிம்மில் உள்ள ட்ரெட்மில்லோ மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும். மூன்றும் சொல்வது ஒரே வேகத்தைத்தான். எல்லா இலக்குகளுக்கும் அட்டவணை போடாமல், 2 மணி நேரத்துக்குள் அரை மாரத்தான் என்ற ஒரே இலக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் இலக்கு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2 மணிக்குள் முடிக்க கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடத்தில் ஓடணும்?

5 நிமிடம் 41 நொடி. அரை மாரத்தானின் தூரம் 21.0975 கி.மீ.; 2 மணி நேரம் என்பது 7200 நொடி. வகுத்தால் 341.27 நொடி வரும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பேச்சில் "இருபத்தொன்று" என்று சொல்லிவிட்டுப் போகிறோம், ஆனால் மீதி 97.5 மீட்டருக்கு இந்த வேகத்தில் 33 நொடி ஆகும். 21-ஆல் வகுத்து இலக்கு போட்டவருக்கு அந்த 33 நொடி கடைசியில் வந்து நிற்கும். அடுத்தது, கிலோமீட்டருக்கு ஒரே ஒரு நொடி கூடினால் மொத்தத்தில் 21 நொடி கூடுகிறது. 5:41-ல் ஓடினால் 1:59:54, 5:42-ல் ஓடினால் 2:00:15. அதனால் பேஸை "ஐந்தே முக்கால்" என்று தோராயமாக வைத்துக்கொள்வது இங்கே உதவாது.

60-ஐ 5.41-ஆல் வகுத்தா 11.1 வருது. ட்ரெட்மில்லில் அதைத்தானே வைக்கணும்?

இல்லை, 10.6 வைக்க வேண்டும். என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வியும் இதுதான், அதிகம் பேர் தவறுவதும் இங்கேதான்.

5:41 என்பது 5 நிமிடமும் 41 நொடியும். ஒரு நிமிடத்துக்கு 60 நொடி என்பதால் 41 நொடி என்பது 0.41 நிமிடம் ஆகாது, 0.683 நிமிடம். 60-ஐ 5.683-ஆல் வகுத்தால் 10.56 வரும். தசமத்தில் குழப்பமே வராமல் இருக்க முழுவதையும் நொடியாக்கிவிடுங்கள்: ஐந்து அறுபது முந்நூறு, அதோடு 41, ஆக 341. ஒரு மணி நேரத்தின் 3600 நொடியை அதால் வகுத்தால் முடிந்தது. திரும்பி வருவதும் அப்படியே. 3600-ஐ 10.6-ஆல் வகுத்தால் 339.6 நொடி, அதாவது 5:40.

தவறாக 11.1 வைத்தால் என்ன ஆகும்? உண்மையில் நீங்கள் 5:24 பேஸில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், கிலோமீட்டருக்கு 17 நொடி வேகமாக. 2 மணி அரை மாரத்தான் ஓடக்கூடியவருக்கு அது ஏறக்குறைய 10 கி.மீ. போட்டியில் முழு மூச்சாக ஓடும் வேகம். "இலக்கு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவே முடியவில்லை, எனக்கு இது சரிப்படாது" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் ட்ரெட்மில்லில் என்ன எண் வைத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

பெரும்பாலான ட்ரெட்மில்கள் 0.1 என்ற படியில்தான் ஏறி இறங்கும் என்பதால் 10.56-ஐ வைக்க வழியில்லை. 10.5-ல் முழுத் தூரம் ஓடினால் 2:00:33, 10.6-ல் ஓடினால் 1:59:25. ஒரே ஒரு அழுத்தம்தான், இலக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆகிவிடுகிறது. அதனால்தான் 10.6 என்கிறேன்.

என் அட்டவணை அமெரிக்காவில் போட்டது. மைலுக்கு 9:09 என்று இருக்கிறது. மனக்கணக்காக மாற்ற வழி உண்டா?

உண்டு. ஒரு மைல் 1.609344 கி.மீ. ஓடிக்கொண்டிருக்கும்போது அதால் பெருக்க முடியாது என்பதால் ஒரே ஒரு ஜோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கிலோமீட்டருக்கு 5:00 என்றால் மைலுக்கு 8:03. அங்கிருந்து கிலோமீட்டர் பேஸில் 10 நொடி கூடினால் மைல் பேஸில் 16 நொடி கூடும்.

5:41-ஐ எடுத்துக்கொள்வோம். 5:00-க்கு மேல் 41 நொடி. 41-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 66. 8:03-உடன் 66 நொடியைக் கூட்டினால் 9:09. எதிர்ப்பக்கம் வர மைல் பேஸில் உள்ள ஒவ்வொரு 8 நொடிக்கும் 5 நொடி என்று எடுங்கள். அட்டவணையில் "10:30-ல் நிதானமாக ஓடு" என்று இருந்தால், 8:03-க்கு மேல் 147 நொடி. அதில் எட்டில் ஐந்து பங்கு 92 நொடி. ஆக 5:00-உடன் 92 நொடி, அதாவது 6:32. கால்குலேட்டரில் போட்டால் 6:31 வரும். நிதான ஓட்டத்துக்கு இந்த ஒரு நொடி பொருட்டே இல்லை.

போட்டி இலக்குக்கு மட்டும் மனக்கணக்கு வேண்டாம். அதை வீட்டில் ஷீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் போட்டால் 5 மணி 41 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறதே?

`5:41` என்று தட்டினால் அப்படித்தான் எடுக்கும். `0:05:41` என்று தட்டுங்கள். A2 கட்டத்தில் அது இருந்தால்:

```
=1/(A2*24)
=A2*1.609344
=A2*21.0975
```

முதலாவது மணிக்கு எத்தனை கி.மீ. என்று தரும், அந்தக் கட்டத்தின் வடிவத்தை நேரத்திலிருந்து எண்ணாக மாற்றுங்கள். இரண்டாவது மைல் பேஸ், மூன்றாவது முடிக்கும் நேரம். இவை இரண்டுக்கும் நேர வடிவம் வேண்டும்.

ட்ரெட்மில்லில் சாய்வை 1-ல் வைத்தால்தான் ரோட்டுக்குச் சமம் என்கிறார்களே?

1996-ல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டவுஸ்ட் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து வந்த பேச்சு அது. ரோட்டில் ஓடும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறோம். ட்ரெட்மில்லில் நின்ற இடத்திலேயே ஓடுவதால் அந்த உழைப்பு இல்லை. 1 சதவீதச் சாய்வு அதை ஈடுகட்டுகிறது என்று பார்த்தார்கள். ஆனால் அவர்கள் சோதித்த வேகம் நொடிக்கு 2.92 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 10.5 முதல் 18 கி.மீ. வரை. நம் 10.6 அந்த வரம்பின் அடிவாசலில் நிற்கிறது. வேகம் குறையக் குறையக் காற்றின் தடையும் குறையும் என்பதால், நமக்கு 0-ல் ஓடுவதற்கும் 1-ல் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். இலக்கு வேகப் பயிற்சிக்கு 1 வையுங்கள், நிதான ஓட்டத்துக்கு எப்படி வைத்தாலும் சரி.

சாய்வைவிட மின்விசிறியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். ரோட்டில் ஓடும்போது முகத்தில் படும் காற்று ஜிம்மில் இல்லை. வியர்வை காயாமல் உடம்பு சூடேறி, அதே 10.6-ல் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து இலக்கை மாற்றிவிடாதீர்கள்.

ஜிம்மில் 10.5 சுலபமாக வருகிறது, ரோட்டில் 5:43-க்கு மூச்சு வாங்குகிறது. ஏன்?

ட்ரெட்மில் காட்டும் எண் பொய்யாக இருக்கலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரு நவம்பர் மாதம் சென்னையில் மழை விடாமல் பெய்ததால் முக்கியமான ஓட்டங்களையெல்லாம் ஒரு ஜிம்மில் ஒரே ட்ரெட்மில்லில் ஓடினேன். மழை விட்டு ரோட்டுக்கு வந்ததும் கிலோமீட்டருக்கு 20 நொடி போல எங்கோ காணாமல் போயிருந்தது. உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பெல்ட்டை அளந்தேன்.

அளப்பது எளிது. ஜிம்மில் சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெல்ட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அந்தக் கோடு திரும்பி வரும்வரை டேப்பால் அளந்து கூட்டுங்கள். என் ட்ரெட்மில்லில் 3.05 மீட்டர் வந்தது. பிறகு பிளக்கைச் செருகி 10.5 வைத்து ஓடுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்திலிருந்து அந்தக் கோட்டை செல்போனில் வீடியோ எடுக்கட்டும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து 50 சுற்றுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள்.

```
km/h = பெல்ட் நீளம் (மீ) × 50 × 3.6 ÷ நொடி
```

3.05-ஐ 50-ஆலும் 3.6-ஆலும் பெருக்கினால் 549. பெல்ட் உண்மையில் 10.5-ல் ஓடியிருந்தால் 50 சுற்றுக்கு 52.3 நொடி ஆகியிருக்க வேண்டும். எனக்கு 55.6 நொடி ஆனது. 549-ஐ 55.6-ஆல் வகுத்தால் 9.87. திரை 5:43 பேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் 6:05-ல் ஓடியிருக்கிறேன்.

ஆள் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். வெறும் பெல்ட் சரியான வேகத்தில் சுற்றும், ஒவ்வொரு முறை கால் விழும்போதும் கொஞ்சம் இழுபடும். பெல்ட் தேய்ந்திருந்தாலோ அடியில் எண்ணெய் வறண்டிருந்தாலோ இந்த இழுப்பு அதிகமாகும். அளந்து தெரிந்துகொண்ட பிறகு வேறு ட்ரெட்மில் தேட வேண்டும் என்றில்லை. அந்த மெஷினில் 11.3 வைத்தால் எனக்கு உண்மையான 10.6 கிடைத்தது. அதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பாதித் தூரம் 10-லும் பாதித் தூரம் 12-லும் ஓடினால் சராசரி 11 தானே?

இல்லை, 10.9. மெதுவான பாதிக்கு அதிக நேரம் ஆகிறது, அதனால் சராசரியை அது கீழே இழுக்கும். இரண்டு வேகத்திலும் பாதிப் பாதி நேரம் ஓடினால்தான் 11. தூரத்தைப் பிரித்து ஓடினால் பேஸை வைத்துச் சராசரி எடுங்கள்: 6:00-க்கும் 5:00-க்கும் நடுவே 5:30. அது சரியாக வரும்.

10 கி.மீ. போட்டியில் 54 நிமிடம் ஓடினேன். 2 மணி இலக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். பீட்டர் ரீகல் என்பவர் 1970-களில் தந்த ஒரு சூத்திரம் இன்றும் பெரும்பாலான கால்குலேட்டர்களுக்குள் இருக்கிறது: தூரம் எத்தனை மடங்கோ அதன் 1.06 அடுக்கை எடுத்து, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும்.

```
T2 = T1 × (D2 ÷ D1)^1.06
```

21.0975-ஐ 10-ஆல் வகுத்து 1.06 அடுக்கு எடுத்தால் 2.206. அதை 54 நிமிடத்தோடு பெருக்கினால் 1:59:09. ஆனால் இந்தக் கணக்கு, நீண்ட தூரத்துக்கான பயிற்சி உங்களுக்கு இருக்கிறது, வானிலையும் அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. வாரக் கடைசியில் 16, 18 கி.மீ. ஓட்டங்களை ஓடாதவருக்கு இந்த எண் பொருந்தாது. குளிர்ந்த ஊரில் ஓடிய 54 நிமிடத்தை வைத்துக்கொண்டு சென்னை கடற்கரைச் சாலையின் புழுக்கத்தில் 2 மணி இலக்கு வைத்தாலும் பொருந்தாது.

வாட்ச் சராசரி 5:40 காட்டியது. ஆனால் சான்றிதழில் 2:00:42. எப்படி?

வாட்சில் மொத்தத் தூரம் 21.3 கி.மீ. என்று காட்டியிருக்கும், பாருங்கள். 5:40-ஐ 21.3-ஆல் பெருக்கினால் சரியாக 2:00:42 வரும். உங்கள் இலக்கைக் கெடுத்தது வேகமில்லை, அந்த 200 மீட்டர்தான்.

முறையாக அளக்கப்பட்ட பாதையை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். வளைவுகளில் உள்ஓரத்தை ஒட்டி, ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு நேர்கோடாக. நாம் அப்படி ஓடுவதில்லை. கூட்டத்தில் விலகுகிறோம், தண்ணீர் மேசைக்கு எதிர்ப்பக்கம் போகிறோம், வளைவில் வெளிஓரமாகவே சுற்றுகிறோம். இதோடு பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அளவீட்டில் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். அரை மாரத்தானில் அது 21 மீட்டர், நம் வேகத்தில் 7 நொடி. மேம்பாலத்தின் அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜி.பி.எஸ். தாவுவதால் வரும் தூரம் தனி.

அதனால் வாட்சை நம்பி ஓடுவதானால் இலக்கை 21.3 கி.மீ.க்குப் போடுங்கள். 7200-ஐ 21.3-ஆல் வகுத்தால் 338, அதாவது 5:38. கொஞ்சம் கையிருப்பு வேண்டுமென்றால் 5:36. இதைவிட நல்ல வழி, ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பொத்தானை நீங்களே அழுத்துவது. பலகைக்கும் பலகைக்கும் ஆன நேரம்தான் போட்டியின் கணக்கு. ஒரு பலகை தப்பான இடத்தில் நின்றாலும் அடுத்த பலகையில் அது நேராகிவிடும், ஒரு லேப் 5:20 என்றும் அடுத்தது 6:00 என்றும் வந்தால் பதற வேண்டாம்.

சரி, ஒவ்வொரு 5 கி.மீ.யையும் எட்ட வேண்டிய நேரத்தை, அதாவது ஸ்ப்ளிட்டை, எப்படிப் பிரித்துக்கொள்வது?

நான் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளும் நான்கு எண்கள் இவை, எல்லாம் பலகைக் கணக்கு:

5 கி.மீ. – 28:30
10 கி.மீ. – 56:45
15 கி.மீ. – 1:25:00
20 கி.மீ. – 1:53:15

முதல் 5 கி.மீ. 5:42-ல், அதன் பிறகு ஒவ்வொரு ஐந்தும் 28:15, அதாவது 5:39-ல். கடைசி 1.0975 கி.மீ.யை 5:37-ல் ஓடினால் 6:10, மொத்தம் 1:59:25. ட்ரெட்மில்லில் 10.6 தரும் அதே நேரம் என்பதால், அங்கே பழகிய கால் ஓட்டம் இங்கே அப்படியே உதவும்.

முதல் ஐந்தில் சமமாக ஓடுபவரைவிட 4 நொடி பின்தங்கியிருப்பீர்கள் (சம ஓட்டத்துக்கு 28:26). அது போகட்டும். முதல் 2 கி.மீ.யில் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஓடி அந்த நொடிகளைப் பிடித்தால் 16-ம் கிலோமீட்டரில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோவில் 2:00:35 என்ற மாரத்தான் உலக சாதனையைப் படைத்தபோது முதல் பாதி 1:00:48, இரண்டாம் பாதி 59:47. நம் அளவில் அத்தனை பெரிய வித்தியாசம் தேவையில்லை. முதல் ஐந்தில் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று நொடி அடக்கினாலே போதும்.

மைல் பலகை வைக்கும் அமெரிக்கப் போட்டியில் ஓடுகிறவர்கள் இதே 1:59:25-க்கு மைலுக்கு 9:07 என்று வைத்துக்கொள்ளலாம். 10-வது மைல் பலகையில் 1:31 சொச்சம்.

10 கி.மீ. பலகையில் 57:45 ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

ஒரு நிமிடம் பின்தங்கியிருக்கிறீர்கள். ஆனால் திட்டத்தில் 35 நொடி கையிருப்பு இருந்தது, அதை இப்போது எடுத்துக்கொள்ளலாம். 2 மணிக்கு 1 நொடி முன்னால் முடிக்க மீதி 1:02:14 இருக்கிறது, மீதித் தூரம் 11.0975 கி.மீ. வகுத்தால் 5:36. திட்டமிட்ட 5:39-ஐவிட 3 நொடிதான் வேகம். மூச்சு சீராக இருந்தால் இது முடியக்கூடியது. அந்த ஒரு நிமிடத்தையும் அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே பிடிக்கப் போனால் 5:09-க்கு ஓட வேண்டியிருக்கும். அது உங்கள் 10 கி.மீ. போட்டி வேகத்தையும் தாண்டியது. அங்கேயே ஓட்டம் முடிந்துவிடும்.

மீதிக்குத் தேவையான பேஸ் உங்கள் 10 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிட்டால் 2 மணி இலக்கை அன்றைக்கு விட்டுவிடுங்கள். 54 நிமிடக்காரருக்கு அது 5:24. 10-வது பலகையில் ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

முடிக்கும் கோட்டில் இருந்த கடிகாரம் 2:01:10 காட்டியது. போச்சா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கடிகாரம் துப்பாக்கி வெடித்ததிலிருந்து ஓடுவது. கூட்டத்தின் பின்னால் நின்று, தொடக்கக் கோட்டில் உங்கள் நேரத்தைப் பதியும் பாயை மிதிக்க உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் உங்கள் சிப் டைம் 1:59:10. வாட்சையும் அந்தப் பாயில் கால் வைக்கும்போதுதான் தொடங்க வேண்டும். மேலே சொன்ன நான்கு ஸ்ப்ளிட்டும் அங்கிருந்து எண்ணியவைதான்.